பழைய குடும்ப வீடியோவின் மூலையில் பதிந்துபோன திகதியை அழிப்பது எப்படி?

தொண்ணூறுகளிலும் 2000களின் தொடக்கத்திலும் கைக்கமெராவில் எடுத்த கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா வீடியோக்களை இப்போது பலர் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றில் நிறையப் படங்களின் வலதுபக்கக் கீழ்மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரு திகதியும் நேரமும் நிற்கும். அதை எடுத்துவிடலாமா என்பது யாழ்ப்பாணத்தில் வீடியோ மாற்றித் தருபவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி. எடுக்கலாம். ஆனால் எடுப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால், நல்ல படத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் தப்பலாம்.

முதலில் ஒன்றை உறுதிப்படுத்த வேண்டும். அந்தத் திகதி படத்தோடு சேர்ந்து கசெட்டிலேயே பதிந்திருக்கிறதா, அல்லது கசெட்டைப் போட்டுக் கொப்பி எடுத்தபோது மேலே வந்து ஒட்டிக்கொண்டதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வீஎச்எஸ்-சி, வீடியோ8, ஹை8 ஆகியவை அனலொக் கமெராக்கள். அவற்றில் படம் பிடிக்கும்போது திகதிப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால், எழுத்து படத்தின் ஒரு பகுதியாகவே கசெட்டில் பதிந்துவிடும். மினிடீவி, டிஜிற்றல்8 போன்ற டிஜிற்றல் கசெட்டுகளில் அப்படி இல்லை. அவற்றில் திகதி படத்துக்குப் பக்கத்தில் தனித் தரவாக எழுதப்படுகிறது. கமெராவில் `DATA CODE` அல்லது `DISPLAY` பொத்தான் போட்டிருந்தால் மட்டுமே அது ரீவியில் தெரியும். அந்தப் பொத்தானை நிறுத்தாமல் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் வழியாகக் கொப்பி எடுத்தவர்கள்தான் திகதியைப் படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்களுடையது மினிடீவி என்றால் இந்தக் கட்டுரையின் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை. கசெட்டைத் தேடி எடுங்கள், பொத்தானை நிறுத்துங்கள், முடிந்தால் பயர்வயர் என்ற டிஜிற்றல் வயர் வழியாக மறுபடி கொப்பி எடுங்கள். திகதி இல்லாத, சேதமில்லாத படம் கிடைக்கும். எந்த மென்பொருளாலும் அதற்கு ஈடாக ஒன்றைத் தர முடியாது.

கசெட் எந்த வகை என்று தெரியாவிட்டால் இன்னொரு சோதனை இருக்கிறது. கசெட்டைப் போட்டு, படம் தெரியும்படியே வேகமாக முன்னே ஓட்டிப் பாருங்கள். திரையில் குறுக்கே இரைச்சல் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டை திகதியையும் வெட்டிக்கொண்டு போனால், திகதி கசெட்டில் பதிந்தது. படம் கலங்கும்போதும் எழுத்து மட்டும் கூர்மையாக, அசையாமல் நின்றால், அது கருவி மேலே போடுகிற எழுத்து, பொத்தானில் நிறுத்தலாம்.

இனி, உண்மையாகவே பதிந்துபோன திகதிக்கு வருவோம். கொக்குவிலில் எங்கள் அயல்வீட்டு அக்காவின் கலியாண வீடியோவை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ரொறன்ரோவிலிருந்து வந்த அவருடைய தமையன், அங்கே வாங்கிய ஹை8 கமெராவில் எடுத்தது. மணவறையில் இருந்து எழும்பிக் கூறை மாற்றப் போவதிலிருந்து அம்மி மிதிப்பது வரைக்கும், மூலையில் இரண்டு வரி நின்றுகொண்டே இருக்கும். மேல்வரியில் `PM 11:10`, கீழ்வரியில் `AUG 28 2002`.

“தம்பி, அம்மியிலை கால் வைக்கிற இடத்திலை எல்லாம் அதுதான் நிக்குது. அதை எடுத்துவிடேலாதோ?” என்று அக்கா கேட்டார்.

அந்த எழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கமெரா அந்த இடத்தில் கூறையின் கரையைப் பதியாமல் வெள்ளை எழுத்தைப் பதிந்தது. சுரண்டினால் கீழிருந்து வெளிவருவதற்கு மறைந்திருக்கும் படம் எதுவும் அங்கே இல்லை. ஆகவே எந்த முறையில் செய்தாலும், எழுத்து நின்ற புள்ளிகளைத் தூக்கிவிட்டு, சுற்றியுள்ள நிறங்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறோம். இதைப் புரிந்துகொண்டால் அடுத்த முடிவு தானாக வரும்: ஊகிக்க வேண்டிய பரப்பு எவ்வளவு சிறிதோ, பொய் அவ்வளவு குறைவு. சுவரில் ஆணி பிடுங்கிய துளையைப் பூசி மெழுகினால் கண்ணுக்குத் தெரியாது. சன்னலைப் பெயர்த்த இடத்தைப் பூசினால் எல்லோருக்கும் தெரியும்.

வழக்கமாகச் செய்யப்படும் முறைகளை இந்தக் கண்ணால் பார்ப்போம்.

ஒன்று, வெட்டிவிடுவது. கனடாக் கமெரா என்றபடியால் இந்தப் படம் என்ரிஎஸ்சி முறையில் 720க்கு 480 புள்ளிகள் கொண்டது. இங்கேயோ ஐரோப்பாவிலோ வாங்கிய கமெரா என்றால் பால் முறை, 720க்கு 576. அக்காவின் படத்தில் திகதி மேலிருந்து 390ஆவது வரியில் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள 90 வரிகளையும் வெட்டினால் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். ஆட்கள் அகலமாகத் தெரியாமல் இருக்கப் பக்கவாட்டிலும் அதே அளவு வெட்ட வேண்டும். கடைசியில் படத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் போகிறது. அம்மி மிதிக்கும் காட்சியில் அம்மியே இருக்காது. கடற்கரையிலோ முற்றத்திலோ வெறும் மணல் கீழே நிற்கும் படத்துக்கு இது சரிவரலாம்; சடங்கு நடக்கும் படத்துக்குச் சரிவராது.

இரண்டு, திகதியைச் சுற்றி ஒரு பெட்டி கீறி அந்தப் பெட்டியை முழுக்க நிரப்புவது. `ffmpeg` என்ற இலவச மென்பொருளில் இதற்கு `delogo` என்ற பில்டர் இருக்கிறது. பெட்டி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று நான்கு எண்கள் கொடுத்தால் போதும்.

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif,delogo=x=500:y=390:w=160:h=50" petti.mkv
```

கட்டளையில் உள்ள `bwdif` எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இது வேலை செய்யும். ஆனால் 160க்கு 50 என்றால் 8000 புள்ளிகள். பெட்டியின் நான்கு ஓரங்களில் உள்ள நிறங்களை உள்ளே இழுத்துப் பூசுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. திகதி போய்விடும், அந்த இடத்தில் மங்கலான ஒரு செவ்வகம் வந்து நிற்கும். ஆட்கள் நடக்கும்போது அந்தச் செவ்வகத்துக்குள் கரைந்து மறுபக்கம் வெளியே வருவார்கள். கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், இதைவிடத் திகதி இருந்த படமே மேல்.

மூன்றாவது முறைக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெட்டியை விட்டுவிட்டு, எழுத்தின் கோடுகளை மட்டும் நிரப்புவது. `8` என்ற இலக்கத்தை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு வட்டங்களுக்கு உள்ளேயும், இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் இடையிலும் உண்மையான படம் தெரிகிறது. அதை ஏன் தூக்கியெறிய வேண்டும்? எழுத்துக் கோடு மூன்று புள்ளி அகலம் என்று வையுங்கள். ஓரங்களுக்காக இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கூட்டினால் ஏழு. கோட்டின் நடுவில் உள்ள புள்ளிக்கும் நான்கு புள்ளி தள்ளி உண்மையான படம் இருக்கிறது. ஹை8 கசெட்டில் பதிந்த படம் இயல்பிலேயே கொஞ்சம் மெதுமையானது, அவ்வளவு நுணுக்கமான விபரம் அதில் பெரும்பாலும் இல்லை. அதனால் நான்கு புள்ளி தூர ஊகம் பெரும்பாலான இடங்களில் கண்ணில் படாது.

`ffmpeg`இல் இதைச் செய்யும் பில்டரின் பெயர் `removelogo`. அதற்கு நாம் கொடுக்க வேண்டியது ஒரு படம்: வீடியோவின் அதே அளவில், முழுக்கக் கறுப்பாக, எழுத்துக் கோடுகள் மட்டும் வெள்ளையாக. இதை மாஸ்க் என்பார்கள். வெள்ளை உள்ள இடத்தை நிரப்பு, கறுப்பு உள்ள இடத்தைத் தொடாதே என்பது அதன் பொருள். வேலையின் தரம் முழுக்க இந்த மாஸ்க்கில்தான் இருக்கிறது. கட்டளை ஒரு வரிதான்.

அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

மாஸ்க் செய்வதற்கு முன் ஒரு சின்ன வேலை. திகதி என்பது அந்தப் படத்தைப் பற்றிய தகவல். வீடியோவை ஒருமுறை ஓட்டி, எந்த இடத்தில் எந்தத் திகதி, என்ன நேரம் என்று ஒரு தாளிலோ கோப்பிலோ குறித்து வையுங்கள்.

குறிக்கும்போது அது சரியான திகதிதானா என்றும் பாருங்கள். அக்காவின் படத்தில் `PM 11:10`, `AUG 28 2002` என்று இருக்கிறது. கலியாணம் நடந்தது பட்டப்பகலில். அழைப்பிதழில் 29.08.2002 வியாழக்கிழமை, காலை முகூர்த்தம் என்று அச்சிட்டிருக்கிறது. கமெராவின் மணிக்கூடு ரொறன்ரோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கோடையில் ரொறன்ரோ உலகப் பொதுநேரத்துக்கு நான்கு மணித்தியாலம் பின்னால். இலங்கை அந்தக் காலத்தில் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது; இப்போதுள்ள ஐந்தரைக்கு 2006இல்தான் திரும்பினோம். பத்து மணித்தியாலத்தைக் கூட்டினால் 29ஆம் திகதி காலை 9:10, முகூர்த்த நேரம். படத்தில் நின்ற திகதி இத்தனை வருடமாக ஒருநாள் முந்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கமெராவில் எடுத்த எங்கள் ஊர்ப் படங்கள் பலவற்றில் இது இருக்கும். கோப்பின் பெயரில் சரியான திகதியைப் போடுங்கள், குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்.

மாஸ்க் செய்வது

எழுத்தைக் கையால் பார்த்துப் பார்த்துக் கீறத் தேவையில்லை. வீடியோ முழுக்க மாறாமல் ஒரே இடத்தில் வெள்ளையாக நிற்பது திகதி மட்டும்தான். மற்றதெல்லாம் எப்போதாவது ஒரு காட்சியில் இருட்டாகும். பல காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பதில் மிக இருட்டானதை மட்டும் எடுத்தால், படம் எல்லாம் கறுத்துப்போய் எழுத்து மட்டும் மிஞ்சும்.

அதற்கு முதலில் வீடியோவிலிருந்து நிமிடத்துக்கு ஒரு பிரேம் எடுக்க வேண்டும்.

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif,fps=1/60" padam_%02d.png
```

`bwdif` என்பது என்ன என்று கேட்பீர்கள். பழைய கமெராக்கள் ஒரு பிரேமை இரண்டு பாதியாக எடுத்தன: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். ஆள் அசைந்தால் இரண்டு பாதியும் பொருந்தாமல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரித் தெரிவது இதனால்தான். `bwdif` அந்தப் பாதிகளைப் பிரித்து முழு பிரேம்களாக்குகிறது. இதைச் செய்யாமல் நிரப்பினால், இரண்டு வேறு கணங்களின் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து பூசிவிடுவோம். அதனால் கட்டளையில் இது எப்போதும் முதலில் வர வேண்டும்.

கிடைத்த படங்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசமான பத்தைத் தெரிவு செய்யுங்கள். கூறைச் சிவப்பு, இருண்ட மண்டப மூலை, முற்றம், ஆட்களின் தலைமுடி என்று அந்தக் கீழ்மூலையில் வெவ்வேறு நிறங்கள் வரும் பிரேம்களாக இருந்தால் நல்லது. எல்லாவற்றிலும் மூலையில் வெள்ளை வேட்டியே நின்றால் இந்த உத்தி வேலை செய்யாது.

அவற்றை `GIMP` என்ற இலவச மென்பொருளில் `File > Open as Layers` வழியாக ஒன்றாகத் திறவுங்கள். அடியில் உள்ளதைத் தவிர மற்ற ஒவ்வோர் அடுக்கின் `Mode`ஐயும் `Darken only` ஆக்குங்கள். ஒவ்வொன்றாக மாற்ற மாற்றப் படம் இருண்டுகொண்டே போய், கீழ்வரியின் `AUG 28 2002` மட்டும் தெளிவாக மேலெழும்பும். பின்பு `Image > Flatten Image`. அதன்பின் `Colors > Threshold` எடுத்து, எழுத்து வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் பிரியும்வரை நகர்த்துங்கள். அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் மிஞ்சினால் கறுப்புத் தூரிகையால் மூடிவிடுங்கள். திகதியிலிருந்து தூரத்தில் உள்ள ஒரு பொட்டும் மிஞ்சக் கூடாது; மிஞ்சினால் பில்டர் அந்த இடத்தையும் பூசிவிடும்.

மேல்வரியில் உள்ள நேரம் வேறு விதமானது. நிமிடம் மாறிக்கொண்டே இருப்பதால் இருட்டை மட்டும் எடுக்கும்போது நிமிட இலக்கங்கள் அழிந்துபோகும். `PM` என்பதும், ஒரு மணித்தியாலம் மாறாமல் நிற்கும் `11` என்பதும் மிஞ்சலாம். நிமிட இலக்கங்கள் நிற்கும் இரண்டு இடத்தையும் இரண்டு சிறிய வெள்ளைக் கட்டங்களாக முழுக்க நிரப்புங்கள். ஒரு கட்டம் பதினைந்து புள்ளி அகலம் வரும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் பெட்டி முறையின் மங்கலை ஏற்றுக்கொள்கிறோம், வேறு எளிய வழியில்லை. மணித்தியாலமும் நடுவில் மாறுகிறது என்றால், மாறும் இடத்தில் வீடியோவைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாஸ்க் செய்வது நல்லது. திகதி மாறும் வீடியோவுக்கும் அப்படித்தான்: நாளுக்கு ஒரு மாஸ்க்.

கடைசியாக எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாக்க வேண்டும். அனலொக் கசெட்டில் வெள்ளை எழுத்தின் ஓரம் சுத்தமாக முடிவதில்லை. வலதுபக்கம் கொஞ்சம் வழியும், அதற்கு அப்பால் மெல்லிய நிழற்கோடு ஒன்று வரும். கசெட் ஓடும்போது வரிகள் ஒன்றிரண்டு புள்ளி இடமும் வலமும் ஆடவும் செய்யும். மாஸ்க் எழுத்துக்குச் சரியாகப் பொருந்தினால் இந்த ஓரங்கள் தப்பிவிடும். `Select > By Color` எடுத்து வெள்ளையைச் சொடுக்குங்கள், `Select > Grow` எடுத்து 2 என்று கொடுங்கள், தெரிவான இடத்தை வெள்ளையால் நிரப்புங்கள். `mask.png` என்ற பெயரில், வீடியோ இருக்கும் அதே கோப்புறையில் ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் ஆகச் சேமிக்க வேண்டாம்; அது எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணுக்குகளை உண்டாக்கும், பில்டர் அவற்றையும் எழுத்தென்று எண்ணும்.

இத்தனைக்குப் பிறகும் மாஸ்க்கில் வெள்ளையாக இருப்பது அந்தப் பழைய பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வரும். மிச்சம் முழுக்க உண்மையான படம்.

ஓட்டிப் பார்ப்பது

முழு வீடியோவையும் மாற்றுவதற்கு முன், சேமிக்காமல் சும்மா ஓட்டிப் பாருங்கள்.

```
ffplay -vf "bwdif,removelogo=mask.png" kalyanam.avi
```

அளவு பொருந்தவில்லை என்று பிழை வந்தால், மாஸ்க் 720க்கு 480 இல்லை என்று அர்த்தம். பலர் இடையில் வீடியோவை 640க்கு 480 ஆகவோ பெரிதாகவோ மாற்றிவிட்டு மாஸ்க்கைப் பழைய அளவில் வைத்திருப்பார்கள். அளவு மாற்றுவதென்றால் திகதியை எடுத்த பிறகு மாற்றுங்கள். நடக்கும் ஆட்கள் முன்னுக்கும் பின்னுக்கும் உதறி உதறி நகர்ந்தால் பாதிகளின் வரிசை தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது. `bwdif` என்ற இடத்தில் `bwdif=parity=tff` என்று போட்டுப் பாருங்கள், அதுவும் சரிவராவிட்டால் `bwdif=parity=bff`.

எல்லாம் சரியென்றால்:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif,removelogo=mask.png" -aspect 4:3 -c:v libx264 -crf 18 -c:a copy 2002-08-29-kalyanam.mkv
```

ஒலி தொடப்படாமல் அப்படியே போகும். புதிய வீடியோவில் செக்கனுக்கு ஏறக்குறைய 60 பிரேம்கள் இருக்கும், பால் வீடியோ என்றால் 50. பாதிகளைப் பிரித்ததால் வந்தது அது. பிழையில்லை, அசைவு ரீவியில் பார்த்த மாதிரியே ஓடும்.

இப்போது நன்றாக இருந்து பார்க்க வேண்டும். கணினியில் சின்னச் சட்டகத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்; பெரிய திரையில் பாருங்கள். நான் முதலில் தேடுவது, கமெரா அசையாமல் நிற்கிற, மூலையில் வெறும் சுவரோ நிலமோ வருகிற ஒரு காட்சியை. அதில் எழுத்தின் உருவம் மெல்லிய புடைப்புப்போலத் தெரிந்தால், வழிந்த ஓரத்தை மாஸ்க் மூடவில்லை. எழுத்தை இன்னும் ஒரு புள்ளி தடிப்பாக்குங்கள், முக்கியமாக வலதுபக்கம். ஆனால் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. `8`இன் வட்டங்கள் அடைபட்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால், சுற்றிவந்து பழைய பெட்டிக்கே திரும்பிவிடுவோம்.

அக்காவின் வீடியோவில் இரண்டு புள்ளியில் சுவரில் `2002` மங்கலாகத் தெரிந்தது, மூன்றில் மறைந்தது. இதே படத்தின் டிவிடிக் கொப்பியில் மூன்றும் போதவில்லை. டிவிடிக்கு மாற்றும்போது படம் சிறு சிறு சதுரக் கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. கூர்மையான வெள்ளை எழுத்துள்ள கட்டத்தில் அதைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல இரைச்சல் வரும். ஸ்ரூடியோவில் கசெட்டைக் கொடுக்கும்போதே டிவிடி வேண்டாம், பெரிய கோப்பாகத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே டிவிடி மட்டும்தான் இருக்கிறது, கசெட்டும் பெட்டிக்குள் இருக்கிறது என்றால், மறுபடி மாற்றக் கொடுப்பது வீண்செலவில்லை. ஆனால் கசெட்டின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்து, நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் வீட்டில் போட்டு ஓட்டாதீர்கள். கருவியின் தலையும் கெடும், நாடாவும் அறுந்து போகலாம்.

எங்கே இந்த முறை தோற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் சுவர், நிலம், புகை, கூட்டத்தின் இருட்டு எல்லாம் சுலபம். கூறையின் சரிகைக் கரை, கோலம், பதாகை எழுத்து போன்றவை அந்த மூலையில் வந்தால் கடினம். சரிகையின் மெல்லிய கோடுகள் எழுத்து நின்ற இடத்தில் கலைந்து, சீலை அசையும்போது அந்த இடம் மட்டும் மினுங்கும். அம்மி மிதிக்கும் காட்சியில் ஏறத்தாழ நான்கு செக்கன் அப்படித்தான் வந்தது. அக்கா பாதத்தைத் தூக்கி வைக்கும்போது கூறைக் கரை சரியாக `AUG` இருந்த இடத்தைக் கடக்கிறது. கூர்ந்து பார்த்தால் தெரியும். அதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த இடத்தில் கரை உண்மையில் எப்படி இருந்தது என்று கசெட்டுக்கும் தெரியாது.

கமெரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இந்தக் கணத்தில் எழுத்துக்குப் பின்னால் மறைந்த மண்டபத் தூண், அரைச் செக்கனுக்கு முன் எழுத்துக்கு வெளியே தெளிவாக நின்றிருக்கும். பக்கத்துப் பிரேமிலிருந்து அதை எடுத்து இங்கே வைத்தால் ஊகத்தின் இடத்தில் உண்மையான தூணே வந்துவிடும். `After Effects` மென்பொருளில் 2019இல் வந்த `Content-Aware Fill` அப்படி வேலை செய்கிறது. காசு கட்ட வேண்டும், கணினியும் பலமாக இருக்க வேண்டும், நேரமும் எடுக்கும். கமெராவைத் தாங்கியில் நிறுத்திவைத்து எடுத்த படத்துக்கு அதனால் பெரிய நன்மை இல்லை, கடன் வாங்கப் பக்கத்துப் பிரேமிலும் அதே எழுத்து அதே இடத்தில்தான் நிற்கும். தாலி கட்டும் ஒரு நிமிடத்துக்கு மட்டும் என்றால் அந்தப் பாடு படலாம். நாற்பது நிமிட வீடியோ முழுவதற்கும் `removelogo` போதும் என்பது என் எண்ணம்.

திகதி முழு நேரமும் நிற்காத வீடியோக்களும் உண்டு. சோனியின் பல கமெராக்களில் தானாகத் திகதி போடும் வசதி இருந்தது. நாளின் முதல் பதிவு தொடங்கும்போது பத்துச் செக்கன் மட்டும் திகதியைப் பதிந்துவிட்டு நின்றுவிடும். அப்படியான படத்தில் பில்டரை முழு நேரமும் ஓடவிட்டால், திகதியே இல்லாத இடங்களிலும் படத்தைப் பூசிக்கொண்டிருப்போம். கட்டளையில் `removelogo=mask.png` உள்ள இடத்தில் இப்படிப் போட்டு, எழுத்துத் தெரியும் செக்கன்களுக்கு மட்டும் வேலை செய்யச் சொல்லலாம்:

```
removelogo=mask.png:enable='between(t,0,11)'
```

பழைய கோப்பை அழிக்க வேண்டாம். திகதியோடு உள்ள மூலக்கோப்பு, `mask.png`, திகதிக் குறிப்பு, திகதி எடுத்த வீடியோ எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். பின்னாளில் நல்ல முறை வந்தால் மூலத்திலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும், பூசின கொப்பியிலிருந்து முடியாது. வெளிநாட்டில் உள்ள கணவனோ மனைவியோ கூப்பிடும் விசா விண்ணப்பத்துக்குக் கலியாண வீடியோவைக் காட்ட வேண்டி வந்தால், மூலைத் திகதி நிற்கிற மூலக்கோப்பையே கொடுங்கள். அந்தத் திகதி அழைப்பிதழோடு ஒருநாள் இடித்தால், கமெரா ரொறன்ரோ நேரத்தில் இருந்தது என்ற விளக்கத்தையும் ஒரு வரியில் சேர்த்து எழுதிவிடுங்கள்.